கோட்டோடு ஒட்டிய எழுத்து

வண்டியூரில் ஹம்சவேணி மிஸ் வீடு என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில் சின்னச் சின்னச் செருப்புகளாகக் கிடக்கும் வீடு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிக்கு அடியில் ஒரு செருப்புகூட இல்லை.

பள்ளி வேன் தாமதம் என்றுதான் ஹம்சவேணி முதலில் நினைத்தாள். பாயை விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். வேன் வந்து போயிருந்தது. அவளிடம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளே வந்து பாண்டீஸ்வரிக்கு போன் போட்டாள். பாண்டீஸ்வரி அடுத்த தெருக்காரி. அவள் மகள் சுபலட்சுமி ஐந்தாம் வகுப்பு. மூன்று வருஷமாக ஹம்சவேணியிடம்தான் படிக்கிறாள். பாண்டீஸ்வரி எதையும் "அக்கா" என்று தொடங்கித்தான் பேசுவாள். அன்றைக்கு அழைப்பைத் துண்டித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி மட்டும் வந்தது. பள்ளியின் கணக்கு வாத்தியார் சிவபாண்டி பெற்றோருக்கு அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருந்தாள்.

ஒர்க்‌ஷீட்டில் ஐந்தாவது கேள்வி XLII + XXIX. வண்டியூர் வேனில் வரும் ஐந்து பிள்ளைகளும் அதற்கு XLII என்றே விடை எழுதியிருக்கிறார்கள். கேள்வியில் இருக்கும் முதல் எண்ணையே விடையாக எழுதும் தவறு ஐந்து பேருக்கும் தனித்தனியாக வர வாய்ப்பில்லை. ஐந்து தாளிலும் ட்யூஷன் ஆசிரியையின் டிக் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பெற்றோர் வந்து பிரின்சிபாலைப் பார்க்க வேண்டும். செய்தி அவ்வளவுதான்.

ஹம்சவேணி நின்றபடியே மனதுக்குள் கணக்கைப் போட்டாள். X என்பது பத்து, L என்பது ஐம்பது. பத்து முன்னால் நிற்பதால் ஐம்பதிலிருந்து கழிய வேண்டும், நாற்பது. பின்னால் இரண்டு I. நாற்பத்திரண்டு. XXIX இருபத்தொன்பது. கூட்டினால் எழுபத்தொன்று, LXXI. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? XLII என்ற விடைக்கு எப்படி டிக் போட்டேன்? அதுவும் ஐந்து முறை?

மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். அதே எழுபத்தொன்று.

ஹம்சவேணி கணக்கில் பட்டம் வாங்கியவள். மீனாட்சியம்மன் கோவிலுக்குத் தெற்கே, மஹால் அரண்மனைப் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். கல்யாணம் ஆன புதிதில் கணவர் ராஜாராமுக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறை இருந்தது. அது போன பிறகு அவர் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். இவள் ட்யூஷன் தொடங்கினாள். முதலில் வீட்டு உரிமையாளரின் பேத்தி ஒருத்தி, பிறகு அவளுடைய தோழிகள், அப்படியே பெருகிற்று. அவள் பெயர் நிலைத்ததற்கு ஒரே காரணம்தான். எந்தப் பிள்ளைக்கும் அவள் விடை சொல்ல மாட்டாள். "போட்டுப் பாரு" என்பாள். தப்பாக இருந்தால் "இன்னொரு தடவ பாரு" என்பாள். சரியாக வந்ததும் பென்சிலால் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக். அந்த டிக் இருந்தால் பள்ளியில் பயமில்லை என்று பிள்ளைகள் நம்பினார்கள். அம்மாக்களும் நம்பினார்கள்.

அந்த ஒர்க்‌ஷீட் வந்தது மழை நாளில். வைகையில் தண்ணீர் அதிகமாகித் தரைப்பாலத்தை மூடிவிட்டார்கள். வண்டியூர் வேன் அன்றைக்குப் போகவில்லை. வகுப்புக்கு வந்தவர்களுக்குக் கணக்குகளைப் போர்டில் எழுதிப்போட்ட சிவபாண்டி, வராதவர்களுக்காகத் தன் கையால் எழுதிய தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பாண்டீஸ்வரி அதை ஹம்சவேணிக்கு அனுப்பினாள். ஹம்சவேணி தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஐந்து பிரதி எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் கரும்பலகை வண்ணம் அடித்த அட்டையில் சாக்பீஸால் கணக்கைப் போட்டுப் பார்த்து, கட்டத்துக்குள் விடையை மட்டும் எழுதினார்கள். அட்டையை அன்றைக்கே துடைத்தாயிற்று. போனில் இருந்த படத்தை, இடம் போதவில்லை என்று மற்றப் படங்களோடு அவளே அழித்திருந்தாள். தாள்கள் பள்ளியில் இருந்தன. அவள் கையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததில் எவ்வளவு நினைவிருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். பிரதி எடுத்து வந்த பிறகு கரண்ட் போய்விட்டது. சார்ஜர் விளக்கு. ராஜாராம் அக்கரையில் மாட்டிக்கொண்டு, பஸ் ஓடவில்லை, எப்படி வருவேன் என்று திரும்பத் திரும்பப் போன் செய்தார். அதற்கு நடுவில்தான் தாள்களைத் திருத்தினாள். அப்படியென்றால் பார்க்காமலே டிக் போட்டேனா? அவள் அம்மாவுக்கு அறுபது வயதுக்குள் மறதி வந்தது. சொந்த வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு எங்கே இருக்கிறோம் என்று கேட்டவர். தனக்கும் அப்படித் தொடங்கிவிட்டதோ? ராஜாராம் வந்தபோது செய்தியைக் காட்டினாள். அம்மாவைப் பற்றி நினைத்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாண்டீஸ்வரி வீட்டுக்குப் போனாள். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. கதவைத் திறந்தது பாண்டீஸ்வரியின் கணவர் முத்துக்குமரன். மாட்டுத்தாவணியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். வழக்கமாக உள்ளே வரச் சொல்லி நாற்காலி போடுகிறவர், வாசலை மறித்தபடி நின்றார்.

"டீச்சர், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. விடைய நீங்க சொல்லிக் குடுத்தீங்களா இல்லையா?"

"சொல்லிக் குடுக்கலங்க. ஆனா டிக் போட்டது நாந்தான்."

"தப்பான விடைக்கு டிக்கு. அஞ்சு பேருக்கும். அப்ப எங்கிட்டு இருந்து வந்துச்சு அந்த விடை?"

அவள் படத்தைக் காட்டும்படி கேட்டாள். எல்லாவற்றையும் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். வாத்தியாரிடம் போனில் பேசினாராம். மற்ற பிள்ளைகளாவது தப்பாக எழுதியதோடு சரி. சுபா முதலில் வேறென்னவோ எழுதி, அதை ரப்பரால் அழித்துவிட்டு, மேலே இந்த விடையை எழுதியிருக்கிறாளாம். எழுதினதை அழித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற புத்தி என் வீட்டில் யாருக்கும் கிடையாது என்றார். ஏன் அழித்தாய் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம். கை நீட்டிவிட்டேன் என்று சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார்.

அவர் தோளுக்குப் பின்னால், அறைக் கதவின் திரைக்குக் கீழே, சுபலட்சுமியின் கால்கள் தெரிந்தன. அசையாமல் நின்றிருந்தன. ஹம்சவேணி பெயர் சொல்லிக் கூப்பிடப் போனாள். முத்துக்குமரன், "வேணாம் டீச்சர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ராஜாராம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் கூப்பிட்டிருப்பது பெற்றோரை. உன்னை இல்லை. நீயாகப் போய் நின்றால், இருக்கிற பேரும் கெடும். பத்து நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அவள் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். திங்கட்கிழமை காலையில் அவர் டிபன் டப்பாவை எடுக்க வந்தபோது, அவள் புடவை மாற்றித் தயாராக நின்றாள். அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார்.

பிரின்சிபால் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் ஐந்து வீட்டுப் பெற்றோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. பாண்டீஸ்வரி மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஹம்சவேணி சுவர் ஓரமாக நின்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். பிரின்சிபால் ஐம்பதைக் கடந்த பெண்மணி. ட்யூஷன்காரியும் வந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் வெளியே போகச் சொல்லவில்லை. சிவபாண்டி மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மேலூர்க்காரர், இளைஞர், வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோபத்தைவிட அவரிடம் ஒரு அவசரம் தெரிந்தது. தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"பாருங்க மேடம். அஞ்சும் அச்சடிச்ச மாதிரி."

ஹம்சவேணி குனிந்து ஐந்தாவது கேள்வியைப் பார்த்தாள்.

சிவபாண்டியின் அழகான கையெழுத்து. ரோமன் எண்களைப் பழைய கடிகார முகத்தில் இருப்பதுபோலவே எழுதியிருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு X, பிறகு நிமிர்ந்து நிற்கும் மூன்று கோடுகள். XIII. பதின்மூன்று. பதின்மூன்றும் இருபத்தொன்பதும் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டை எழுதினால் XLII.

பிள்ளைகள் சரியாகத்தான் கூட்டியிருந்தார்கள். அவளும் சரியாகத்தான் திருத்தியிருந்தாள். ஒரு நிமிஷம் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அம்மாவின் மறதி தனக்கு வரவில்லை.

"சார், இது பதின்மூணு" என்றாள்.

சிவபாண்டி தாளைப் பிடுங்காத குறையாக எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, இல்லை, நாற்பத்திரண்டு, நான்தானே எழுதினேன் என்றார். பைக்குள்ளிருந்து தன் மூலத்தாளை எடுத்து வைத்தார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இரண்டாவது எழுத்தின் அடியில் மை இரட்டையாகப் படிந்திருந்தது தெரிந்தது. L-இன் காலை எழுதி, அதன் மேலேயே அடிக்கோட்டையும் இழுத்திருக்கிறார். எழுத்தின் காலும் கோடும் ஒன்றாகிவிட்டன. மூலத்தாளில் உற்றுப் பார்த்தால் பிரிகிறது. போன் படத்தைப் பிரதி எடுத்த தாளில் பிரியவில்லை. அங்கே L இல்லை, I-தான் இருக்கிறது.

பிரின்சிபால் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிவபாண்டி அதோடு விடவில்லை. முகம் சிவந்திருந்தது. "அப்படின்னா நாலாவது கேள்விக்கு என்ன சொல்றீங்க? அங்கயும் இதே மாதிரிதான் எழுதியிருக்கேன். XLIV கூட்டல் XVI. அங்க மட்டும் அஞ்சு பேரும் LX-னு கரெக்டா போட்டிருக்காங்க. நாப்பத்திநாலும் பதினாறும் அறுவது. அங்க L தெரிஞ்ச கண்ணுக்கு அடுத்த வரியில தெரியலையா?"

எல்லாரும் ஹம்சவேணியைப் பார்த்தார்கள்.

அந்தச் சாயங்காலம் முழுவதுமாக அவளுக்குத் திரும்பி வந்தது அப்போதுதான். சார்ஜர் விளக்கு வெளிச்சத்தில் சுபலட்சுமி தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மிஸ், X, ரெண்டு I, அப்புறம் V, இது எந்த நம்பர் என்று கேட்டாள். அப்படி ஒரு எண்ணே கிடையாது. V-க்கு முன்னால் ஒரு I-தான் வரலாம், நான்கு என்றால் IV. கடிகாரத்தில் நான்குக்கு நாலு I போட்டிருக்கிறதே, அந்த மாதிரி இதுவும் ஒரு வகையா என்று இன்னொரு பையன் கேட்டான். கடிகாரக்காரர்கள் அழகுக்காக அப்படிப் போடுவார்கள், கணக்கில் நமக்கு IV-தான் என்றாள். பிறகு தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, இது XLIV, L-இன் கால் கோட்டோடு ஒட்டிப்போயிருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. ராஜாராம். எழுந்து போய்விட்டாள்.

XIIV என்று எழுத முடியாது என்பதால் அந்த L மாட்டிக்கொண்டது. XIII என்று எழுத முடியும் என்பதால் இந்த L தப்பிவிட்டது. நாலாவதில் ஒட்டியிருந்தால் ஐந்தாவதிலும் ஒட்டியிருக்குமோ என்று அவள் பார்த்திருக்க வேண்டும். ஒரே கை, ஒரே ஸ்கேல், ஒரே தாள். அவள் பார்க்கவில்லை.

இதைச் சொல்லாமல் இருக்கவும் வழி இருந்தது. நாலாவதைப் பிள்ளைகளே யோசித்துக் கண்டுபிடித்தார்கள் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? கையெழுத்துத் தெளிவில்லை என்பது ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலாவது அவங்களாப் படிக்கல. நாந்தான் அது L-னு சொன்னேன். கால் கோட்டோட ஒட்டியிருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அஞ்சாவதைத் திரும்பப் பாக்கல. கண்ணுக்குப் பதின்மூணுன்னு பட்டுச்சு, கூட்டல் சரியா இருந்துச்சு, டிக் போட்டுட்டேன். தப்பு புள்ளைங்களோடது இல்ல."

பின்னாலிருந்து ஒரு அப்பா, "அப்ப டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கு" என்று முணுமுணுத்தார். ஹம்சவேணி திரும்பவில்லை.

பிரின்சிபால் பேனாவை மூடி வைத்தார். விஷயம் முடிந்தது என்பதுபோல் நாற்காலியில் சாய்ந்தார். சிவபாண்டி இன்னும் ஒரு தாளைக் கையில் வைத்திருந்தார். தோற்றுக்கொண்டிருப்பவர் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் பிடி மாதிரி இருந்தது அது. நாலு பேர் விஷயம் சரி, இதை என்ன சொல்வது என்று சுபலட்சுமியின் தாளை மேசையில் வைத்தார். ஐந்தாவது கட்டத்தில் XLII-க்கு அடியில் ரப்பர் தேய்த்த இடம் மங்கலாக, தாள் கொஞ்சம் நைந்து தெரிந்தது. அழித்த எழுத்துகளின் தடம் இருந்தது. L, X, X, I.

எழுபத்தொன்று. சரியான விடை.

அதை முதலில் படித்தது ஹம்சவேணிதான்.

பிரின்சிபால் சுபலட்சுமியை அழைத்துவரச் சொன்னார். அவள் வந்து கதவருகே நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை, ஹம்சவேணியையும் பார்க்கவில்லை. பிரின்சிபால் தாளைக் காட்டி, முதலில் என்ன எழுதினாய் என்று கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். முத்துக்குமரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பாண்டீஸ்வரி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ஹம்சவேணி அந்தப் பெண்ணுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தாளை வாங்கி இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"சுபா, இத நீ என்னன்னு படிச்ச?"

"நாப்பத்திரெண்டு."

"எப்படி?"

சுபலட்சுமி விரலை வைத்துக் காட்டினாள். மூன்று கோடுகளில், முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவில் இடம் அகலமாக இருந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நெருக்கமாக இருந்தது. மூன்றும் I என்றால் இடைவெளி ஒரே மாதிரி இருக்கும். முதல் கோட்டுக்கு ஒரு கால் இருந்ததால்தான் அடுத்தது தள்ளி நிற்கிறது. நாலாவதில் மிஸ் சொன்ன பிறகு இதையும் அப்படிப் பார்த்தேன் என்றாள், கேட்கக் கஷ்டப்படும் சின்னக் குரலில்.

சிவபாண்டி குனிந்து பார்த்தார். தான் எழுதிய எண்ணில் அந்த இடைவெளியை அவரும் அப்போதுதான் பார்க்கிறார் என்று தோன்றியது.

"பெறகு ஏன்மா அழிச்ச?" ஹம்சவேணி கேட்டாள். பதில் என்னவென்று அவளுக்கு ஏறக்குறைய தெரிந்திருந்தது.

"அவங்க நாலு பேருக்கும் நீங்க டிக் போட்டீங்க மிஸ். எனக்குத்தான் தப்புன்னு நினைச்சேன்."

வெளியே ஏதோ வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹம்சவேணி எழுந்திருக்கப் பார்த்தாள். பாண்டீஸ்வரிதான் வந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஐந்து பிள்ளைகளின் டைரியிலும் பார்த்து எழுதியதாகப் போட்டிருந்த குறிப்பைச் சிவபாண்டி அங்கேயே அடித்துக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் குழுவில் ஒரு வரி வந்தது. ஐந்தாவது கேள்வி படத்தில் தெளிவாக இல்லாததால் எல்லாருக்கும் மதிப்பெண் வழங்கப்படுகிறது என்று. அதற்கு மேல் அவர் எதுவும் எழுதவில்லை. அறையை விட்டு வெளியே வரும்போது மட்டும் ஹம்சவேணிக்கு அருகில் நின்று, இனிமேல் அந்தக் கோடுகளைப் போட மாட்டேன் மேடம் என்றார். தான் படித்த பள்ளியில் கோடு போடாவிட்டால் அடி விழும் என்றும் சொன்னார். அவள் தலையசைத்தாள். அவரிடம் கோபப்பட அவளுக்குத் தெம்பு இல்லை.

பெற்றோருக்கு அவளும் அன்றைக்கே ஒரு செய்தி அனுப்பினாள். திருத்தியதில் தவறு தன்னுடையது, விரும்பியவர்கள் பிள்ளைகளை அனுப்பலாம் என்று இரண்டு வரி. ராஜாராம் படித்துவிட்டு, முதல் வரி தேவையா என்று கேட்டார். தேவை என்றாள்.

இரண்டு வீட்டுப் பிள்ளைகள் திரும்ப வரவில்லை. அவர்களில் ஒருவனின் அம்மா கடைத்தெருவில் பார்த்தபோது, புதிதாகத் திறந்த ட்யூஷன் சென்டரில் சேர்த்திருப்பதாகவும், அங்கே ஏ.சி. இருப்பதாகவும் சொன்னாள். ஹம்சவேணி நல்லது என்றாள். வீட்டுக்கு வந்து பையில் இருந்த காய்கறியை வெளியே எடுக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சுபலட்சுமி வருவாளா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரியும் சொல்லவில்லை. புதன்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. முத்துக்குமரனே மகளை வண்டியில் கொண்டுவந்து விட்டார். மேலே ஏறி வரவில்லை. கீழிருந்தபடியே, "முடிஞ்சதும் போன் போடுங்க டீச்சர், நானே வாரேன்" என்றார். மகள் படியேறும்வரை அங்கேயே நின்றார். அடித்ததைப் பற்றி அவர் மகளிடம் ஏதாவது பேசினாரா என்பது ஹம்சவேணிக்குத் தெரியாது. படியில் பாதி ஏறிய சுபலட்சுமி திரும்பி அவருக்குக் கையாட்டினாள். அதை மட்டும் பார்த்தாள்.

அதன்பிறகு ஹம்சவேணி திருத்தும் முறை மாறியது. எல்லாருடைய தாளும் வந்து சேரும்வரை பென்சிலை எடுப்பதில்லை. டிக் போடுவதற்கு முன்னால், கேள்வியை நீ எப்படிப் படித்தாய், வாயால் சொல்லு என்பாள். நேரம் பிடித்தது. ஆறரைக்கு முடிய வேண்டிய வகுப்பு ஏழேகால்வரை இழுத்தது. இதைப் பற்றி ஒரு அம்மா குறைபட்டுக்கொண்டாள்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்திய வாரம் ரோமன் எண்கள் மறுபடியும் வந்தன. XCIX + XLVI. ஹம்சவேணி எல்லாருடைய விடையையும் பார்த்துவிட்டு, CXLV என்று எழுதியவர்களைக் கேள்வியை வாயால் சொல்லவைத்து டிக் போட்டாள். தொண்ணூற்றொன்பதும் நாற்பத்தாறும் நூற்று நாற்பத்தைந்து. சுபலட்சுமியின் தாளில் CLXV என்று இருந்தது. இன்னொரு தடவ பாரு என்றாள்.

சுபலட்சுமி தாளைப் பார்த்தாள். மற்றவர்களின் தாளை எட்டிப் பார்க்கவில்லை.

"இல்ல மிஸ். நான் போட்டதுதான் சரி. நீங்க பாருங்க."

ஹம்சவேணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் முதலிலிருந்து போட்டார்கள். XLVI-ஐ எப்படிப் படித்தாய் என்று கேட்டாள். X-க்கு முன்னால் L இருப்பதாக நினைத்து அறுபத்தாறு என்று எடுத்திருந்தாள் அந்தப் பெண். தப்பு அவளுடையதுதான். கண்டுபிடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, ரப்பரைத் தேடினாள்.

"அழிக்காத. பக்கத்துல எழுது" என்றாள் ஹம்சவேணி.